மங்குக்கு மருந்து கேட்டு ஒரு கடிதம்

முகத்தில் மங்கு விழுந்தவர்கள் தோல் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் இரண்டே வாக்கியம்தான் சொல்கிறார்கள். "கன்னத்துல கறுப்பா இருக்கு டாக்டர். இது போகணும்." மருத்துவருக்குத் தெரிய வேண்டிய மீதி விஷயமெல்லாம் வீட்டில் இருக்கிறது. அலமாரியில் பாதி பிதுக்கிய டியூப், பிரிட்ஜ் மேல் இருக்கும் மாத்திரை டப்பா, அம்மாவின் பழைய போட்டோ, மாதச் சம்பளத்தில் மிச்சமாகும் தொகை. டாக்டர் கேட்கும்போது இவற்றில் பாதி நினைவுக்கு வராது. கிரீம் பெயர் கேட்டால் "பச்சை டியூப், வெள்ளை மூடி" என்போம். மாத்திரை கேட்டால் "சும்மா லேடி டாக்டர் கொடுத்தது" என்போம்.

அதனால்தான் போகும் முன்பே ஒரு கடிதம் எழுதி அனுப்புவது நல்லது என்கிறேன். எந்த அழகு சிகிச்சைக்கும் இது உதவும். மங்குக்கு மிக அதிகமாக உதவும். ஏனென்றால் மங்கு, பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடக்கூடிய நோய். ஆனால் எதனால் வந்தது, எதைக் கொடுத்தால் கெடும் என்பது முகத்தைப் பார்த்து மட்டும் தெரியாது. அது நோயாளியின் கதையில் இருக்கிறது.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரி எழுதிப் பார்க்கிறேன். எழுதுபவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். ஆவணி மாதம் எழுதுகிறார். திருச்சியில் அவருக்கு நம்பிக்கையான ஒரு கிளினிக் இருக்கிறது.

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். என் சித்தி மகளுக்கு முகப்பருத் தழும்புக்காக உங்களிடம்தான் வைத்தியம் பார்த்தோம். தேவையில்லாத சிகிச்சை எதையும் நீங்கள் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையில் எனக்கும் ஒரு கன்சல்டேஷன் கேட்டு எழுதுகிறேன். சனிக்கிழமை காலை என்றால் வசதி.

எனக்கு வயது 38. இரண்டு பிள்ளைகள். இரண்டாவது மகன் வயிற்றில் இருந்தபோது, 7 வருடம் முன்பு, இரண்டு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலேயும் மங்கு விழுந்தது. பிரசவத்துக்குப் பிறகு ஓரளவு குறைந்தது. போன வருடத்திலிருந்து மறுபடி கறுத்து, நெற்றிக்கும் வந்துவிட்டது. அரிப்பு இல்லை. என் அம்மாவுக்கும் இதே இடத்தில் இருந்தது. காலைப் பிரார்த்தனைக் கூட்டம், மைதானம், பஸ் ஸ்டாப் என்று தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயிலில் நிற்கிறேன்.

பூசியவை: மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய கிரீம் ஒன்றை 8 மாதம் தினமும் இரவில் பூசினேன். டியூபில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர் போட்டிருக்கிறது. முதல் மாதம் நன்றாக வெளுத்தது. இப்போது நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, அதனால் வாரம் மூன்று நாள் பூசிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பு தோழி கொடுத்த ஒரு வெள்ளைக் கிரீமை 2 மாதம் பூசினேன். அதில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதியில்லை. மாதம் ஒரு தடவை தலைக்கு டை அடிக்கிறேன்.

மாத்திரை: மாதவிடாய்ப் போக்கு அதிகம் என்று மகப்பேறு மருத்துவர் கொடுத்த ஹார்மோன் மாத்திரை 11 மாதமாகச் சாப்பிடுகிறேன். சீட்டின் போட்டோ இணைத்திருக்கிறேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இல்லை. அப்பாவுக்கு ஒரு முறை காலில் ரத்தம் உறைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

எதிர்பார்ப்பு: என் நிறம் மாற வேண்டாம். நேருக்கு நேர் நின்று பேசுகிறவர் கண்ணில் முதலில் மங்கு படாத அளவுக்குக் குறைந்தால் போதும். தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். அதற்குள் எவ்வளவு குறையும் என்று சொன்னால் நல்லது. அதற்காக அவசர சிகிச்சை எதுவும் வேண்டாம்.

பணம்: டாக்டர் பீஸ், மருந்து, சிகிச்சை எல்லாம் சேர்த்து அடுத்த 12 மாதத்துக்கு 25,000 ரூபாய்தான் முடியும். மாதாமாதம் கொடுக்க முடியும், மொத்தமாக முன்பணம் கட்ட முடியாது.

கவலை: லேசர் செய்து இன்னும் கறுத்துப்போன ஒருவரை எனக்குத் தெரியும். எனக்கு லேசரோ பீலிங்கோ தேவை என்று நினைத்தால் ஏன் தேவை, யார் செய்வார்கள், கறுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று தெரிய வேண்டும். என் போட்டோவை என்னைக் கேட்காமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நான் வருவதற்குள் இப்போது பூசும் கிரீமை நிறுத்த வேண்டுமா என்று தெரிவியுங்கள்.

இப்படிக்கு,

இவ்வளவுதான் கடிதம். இதைப் படிக்கும் தோல் மருத்துவரின் கண் முதலில் நிற்கும் இடம் அந்த மூன்று பெயர்கள். ஹைட்ரோகுவினோன் கறுப்பு நிறமி உண்டாவதைத் தடுக்கிறது. ட்ரெட்டினாயின் தோலின் மேலடுக்கைச் சீக்கிரம் புதுப்பிக்கிறது. மூன்றாவதான மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. மற்ற இரண்டும் தரும் எரிச்சலை அடக்கத்தான் அது சேர்க்கப்படுகிறது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயினோடு ஒரு ஸ்டீராய்டைக் கலக்கும் இந்த முறையை 1975-ல் அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இரு தோல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மங்குக்கு இன்றும் இது வலுவான மருந்துதான். ஆனால் மருத்துவர் பார்வையில், இரண்டு மாதம் போலப் பூசி நிறுத்த வேண்டிய மருந்து. நம் ஊரில் அது முகத்துக்குப் பூசும் பவுடர் போல மாதக்கணக்கில் போகிறது. ஸ்டீராய்டு கலந்த 14 பூச்சு மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று மத்திய அரசு 2018-ல் விதியை இறுக்கியது. ஆனாலும் கடையில் வாய்ச்சொல்லுக்கே டியூப் கிடைக்கிறது.

மாதக்கணக்கில் பூசினால் என்ன ஆகும் என்பதை ஆசிரியை அறியாமலே எழுதிவிட்டார்: "நிறுத்தினால் சிவந்து எரிகிறது." ஸ்டீராய்டுக்குப் பழகிப்போன தோலின் அடையாளம் அது. கண்ணாடியில் கிட்டப் பார்த்தால் கன்னத்தில் நூல் போன்ற சிவப்பு நரம்புகள் தெரியலாம், புதிதாகப் பருக்கள் வரலாம், பூனைமுடி கூடலாம், வெயில் பட்டதும் சுருக்கென்று எரியலாம். இந்த நிலையில் இருக்கும் முகத்தில் பீலிங் திரவத்தையோ லேசரையோ வைத்தால் தோல் வெந்துபோகும், வெந்த இடம் இன்னும் கறுக்கும். ஆகவே ஆசிரியைக்கு முதல் சிகிச்சை மங்குக்கே இல்லை, ஸ்டீராய்டிலிருந்து தோலை மெல்ல விடுவிப்பதுதான். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள் ஆகலாம். கடிதத்தில் அந்தப் பத்தி இல்லாமல் போயிருந்தால், சிவப்பை "சென்சிடிவ் ஸ்கின்" என்று நினைத்து மேலே போய்விட வாய்ப்பு உண்டு. கிரீமைத் திடீரென்று நிறுத்திவிட்டுப் போவதும் சரியில்லை. முகம் கொதித்த நிலையில் மங்கின் ஆழத்தைப் பார்க்க முடியாது. நிறுத்தலாமா என்று அவர் கேட்டது அதனால் மிகச் சரியான கேள்வி.

தோழி கொடுத்த வெள்ளைக் கிரீமும் சின்ன விஷயம் இல்லை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் இறங்கும் சிறுநீரக நோயோடு வந்த பலர், முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தது 2023-ல் செய்தியானது. அந்தக் கிரீம்களில் பாதரசம் இருந்தது. சேர்மானம் எழுதாத டப்பா என்றால் டாக்டர் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எழுதித் தருவார், அவ்வளவுதான் செலவு. டை விஷயமும் அப்படித்தான். தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் நெற்றியோரமும் காதோரமும் கறுக்கும் ஒரு நிலை உண்டு. அதை மங்கு என்று நினைத்து வருடக்கணக்கில் மங்கு மருந்து பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். சாயத்தை நிறுத்தாமல் அது குறையாது.

அடுத்து மாத்திரைப் பத்தி. என்னைக் கேட்டால் இந்தக் கடிதத்திலேயே விலைமதிப்பான இரண்டு வரி இங்கேதான் இருக்கிறது.

மங்குக்கும் பெண் ஹார்மோனுக்கும் நெருங்கிய உறவு. கர்ப்பத்தில் வருவதும் அதனால்தான், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வருவதும் அதனால்தான். ஆசிரியையின் மங்கு மறுபடி கறுக்கத் தொடங்கிய காலத்தையும் ஹார்மோன் மாத்திரை தொடங்கிய காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது வெளியே எவ்வளவு பூசினாலும் பலன் பாதிதான். அதற்காக அவரே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுத்த மருந்து. வேறு வழி இருக்கிறதா என்று தோல் மருத்துவர், மகப்பேறு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மங்குக்கு இப்போது பல மருத்துவர்கள் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மாத்திரையைத் தருகிறார்கள். வழக்கமான அளவு 250 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, சில மாதங்கள். நம் பெண்களுக்கு இந்த மாத்திரை வேறு விதத்தில் பழக்கம்: மாதவிடாய்ப் போக்கு அதிகமானால் அதிக அளவில் கொடுப்பதும் இதைத்தான். ரத்தம் உறைந்தது கரையாமல் தடுப்பது இதன் வேலை. ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது. குடும்பத்தில் காலில் ரத்தம் உறைந்த கதையும் இருக்கிறது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மருத்துவர், ஆசிரியைக்கு இந்த மாத்திரையை எழுத மாட்டார். அப்பாவின் காலுக்கும் தன் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து விட்டுவிடக்கூடிய செய்தி அது. எழுதியதால் ஓர் ஆபத்து விலகியது.

எதிர்பார்ப்பை அவர் எழுதிய விதத்தையும் கவனிக்கலாம். "முழுசா போகணும்" என்று எழுதியிருந்தால் நேர்மையான மருத்துவர் கைவிரிப்பார், நேர்மையில்லாதவர் தலையாட்டுவார். மங்கு குறையும், அடங்கும், வெயிலும் சூடும் ஹார்மோனும் கூடினால் திரும்பும். எவ்வளவு குறையும் என்பது நிறமி எந்த ஆழத்தில் தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேலடுக்கில் இருந்தால் பழுப்பாகத் தெரியும், மருந்துக்குக் கேட்கும். கீழடுக்குக்கு இறங்கியிருந்தால் சாம்பல் அல்லது நீலம் கலந்து தெரியும், பிடிவாதமாக நிற்கும். உட்ஸ் லேம்ப் என்ற ஊதா விளக்கைப் பிடித்து ஆழத்தைப் பார்க்கிறார்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த விளக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை, அதனால் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவியையும் வைத்துப் பார்ப்பார்கள். பேசுகிறவர் கண்ணில் படாத அளவு என்று ஆசிரியை வைத்த எல்லை, டாக்டரும் நோயாளியும் ஆறு மாதம் கழித்துச் சேர்ந்து சரிபார்க்கக்கூடியது. "என் நிறம் மாற வேண்டாம்" என்ற வரி, வெளுப்பாக்கும் ஊசி, குளூட்டாத்தயோன் டிரிப் போன்ற பேச்சுகளுக்கே இடம் கொடுக்காமல் செய்கிறது.

கல்யாணத் தேதியைச் சொன்னதும் நல்லதுதான். ஆவணியிலிருந்து தைக்கு ஐந்து மாதம். ஸ்டீராய்டிலிருந்து விடுபடவே அதில் ஒரு பங்கு போய்விடும், பிறகு தொடங்கும் மருந்து வேலை செய்வது தெரிய இரண்டு மூன்று மாதம் வேண்டும். கல்யாணத்துக்குச் சிவப்பு அடங்கியிருக்கும், மங்கு கொஞ்சம் குறைந்திருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பணத்தை எழுதக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். தொகையைச் சொன்னால் அதுவரை பில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு என்று சொல்லாமல், ஒரு வருடத்துக்கு எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று சொன்னால் கணக்கு வேறு மாதிரி ஆகிறது. விலைகள் இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம்.

முதலில் சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியிலிருந்து அடி வரை பிதுக்கினால் வரும் அளவுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்குத் தேவை. கணக்குக்காக அதை 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்றால் நாளுக்கு 2 கிராம். 50 கிராம் டியூப் 25 நாளில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு 15 டியூப். ஒன்று 500 ரூபாய் என்றால் 7,500. ஒரு டியூப் நான்கு மாதம் வருகிறது என்று யாராவது சொன்னால், அவர் வேண்டிய அளவு பூசவில்லை என்று அர்த்தம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்க 600 வீதம் 3,600. இரவில் பூசும் மருந்துக்கு மாதம் 500 வீதம் 6,000. மொத்தம் 17,100. கையில் மிச்சம் 7,900. ஒரு பீலிங் 2,000 ரூபாய் என்றால் மூன்று செய்யலாம். அதுவும் தோல் தேறிய பிறகு, தேவைப்பட்டால்தான்.

இந்தக் கணக்கு மேசைமேல் இருக்கும்போது, 40,000 ரூபாய் லேசர் பேக்கேஜ் பேச்சு தானாக நின்றுவிடும். அதைவிட முக்கியமாக, பணம் முழுவதும் சிட்டிங்குகளில் கரைந்து, சன்ஸ்கிரீன் வாங்க முடியாமல் போகும் நிலை வராது. சிட்டிங்கில் குறைந்த மங்கு சன்ஸ்கிரீன் இல்லாத ஒரு கோடையில் திரும்பிவிடும். சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுத்தாலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பதில்லை. மாநிறத் தோலில் அந்த ஒளியும் மங்கைக் கறுக்க வைக்கும். இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான தோல்நிறம் கொண்ட டின்டட் சன்ஸ்கிரீன்தான் அதைத் தடுக்கிறது. எந்த டியூப் வாங்குவது என்று டாக்டரிடம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கலாம். மைதானத்துக்குக் குடை எடுத்துப் போனால் டியூபின் வேலை பாதியாகும்.

லேசர் பற்றிய அவருடைய பயத்தில் உண்மை இருக்கிறது. லேசர் நிறமியைத் தேடிப் பிடித்துச் சூடாக்கி உடைக்கிறது. நம் தோலில் மங்கு இல்லாத இடத்திலும் நிறமி நிறைய இருப்பதால் சூடு அங்கேயும் ஏறுகிறது. சூடே மங்கைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. முதல் சில சிட்டிங்குகளில் பளிச்சென்று தெரிந்து, சில மாதத்தில் திரும்பி வருவது அதிகம். அடிக்கடி செய்தால் அரிசி சிதறியது போல வெள்ளைப் புள்ளிகள் விழுவதும் உண்டு, அவை எளிதில் போவதில்லை. அதனால் மற்ற மருந்துகள் கைகொடுக்காதபோது, குறைந்த ஆற்றலில், அனுபவமுள்ள தோல் மருத்துவர் கையால் மட்டும்தான் லேசரை யோசிக்க வேண்டும். "யார் செய்வார்கள்" என்ற அவர் கேள்விக்குப் பதிலாக ஒரு பெயர், எம்.டி. அல்லது அதற்கு இணையான தோல் மருத்துவப் படிப்பு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண் மூன்றும் வர வேண்டும். "எங்க டீம் பார்த்துக்கும்" என்பது பதில் ஆகாது.

கடிதத்தோடு மூன்று போட்டோ போதும்: நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. காலை வெளிச்சத்தில் ஜன்னலைப் பார்த்து நின்று, பவுடர் இல்லாமல், போனில் பியூட்டி மோடை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். அந்த மோடு சொல்லாமலே மங்கை மெழுகிவிடும். ஆறு மாதம் கழித்து அதே ஜன்னல், அதே நேரத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் பலன் தெரியும்.

கிளினிக்கின் பதிலில் எதைப் பார்ப்பது? நேரம், கன்சல்டேஷன் பீஸ் இரண்டும் தெளிவாக இருக்கும். டியூப், டப்பா, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்வார்கள். ஹார்மோன் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். கிரீமை எப்படிக் குறைப்பது என்பதை நேரில் பார்த்துச் சொல்வதாக எழுதுவார்கள். அதுவரை பார்லரில் பிளீச், ஃபேஷியல் வேண்டாம் என்பார்கள். லேசர் பற்றி முகத்தைப் பார்த்த பிறகுதான் பேசுவார்கள். இதற்கு மாறாக, கடிதம் போன ஒரு மணி நேரத்தில் "மேடம், 6 சிட்டிங் பேக்கேஜ், இந்த மாசம் ஆஃபர்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், சித்தி மகளுக்கு நன்றாகப் பார்த்த கிளினிக்காக இருந்தாலும், எழுதியதை டாக்டர் படித்தாரா என்று போன் போட்டுக் கேட்க வேண்டும். படிக்கவில்லை என்றால் கன்சல்டேஷன் அன்று கடிதத்தின் ஒரு நகலைக் கையோடு எடுத்துப் போய், உட்கார்ந்ததும் டாக்டர் மேசையில் வைத்துவிடலாம்.